மிச்ச விடுப்பைக் காசாக்குவதா, சேர்த்து வைப்பதா, எடுத்துவிடுவதா?

சம்பளக் கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு பிப்ரவரி வந்தாலே ஒரே கேள்விதான். "அண்ணா, இ.எல். 38 நாள் கிடக்குது. மார்ச் 31-க்கு மேல 30 நாள்தான் கேரி ஃபார்வர்டு ஆகுமாம். 20 நாளை வித்துடவா?" இந்த வருடம் இப்படிக் கேட்டு வந்தவர் எங்கள் அலுவலகத்தில் ஒரு குழுவை மேற்பார்க்கும் தம்பி. மாத மொத்தச் சம்பளம் 1,05,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 52,500. வாரத்தில் ஐந்து நாள் வேலை. நிறுவன விதிப்படி ஆண்டுக்கு 20 நாள் ஈட்டிய விடுப்பு சேரும், அதிகபட்சம் 20 நாளை விற்கலாம், 30 நாளை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம்.

அவர் கணக்கையே கையில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பார்ப்போம். எல்லாத் தொகையும் 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறைப்படி.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் தெரிய வேண்டியது ஒரு நாளின் விலை. நிறுவனம் உங்கள் விடுப்பை எந்தச் சம்பளத்தில், எத்தனையால் வகுத்து வாங்குகிறது? அடுத்தது வரி. இந்தத் தொகை வந்து சேரும் வருடத்தில் உங்கள் மொத்த வருமானம் எங்கே போய் நிற்கும்? மூன்றாவது, இன்று விற்காத நாள் நாளை என்ன விலைக்குப் போகும், அதுவரை அது பத்திரமாக இருக்குமா என்பது.

நாள் விலையில்தான் பலரும் கவனம் தவறுகிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுக்கின்றன. தம்பிக்கு 52,500-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,750 ரூபாய். சில நிறுவனங்கள் 26-ஆல் வகுக்கும். அப்படியானால் 2,019 ரூபாய். 26 என்பது மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் போக மிஞ்சும் வேலை நாள். பணிக்கொடைக் கணக்கில் வரும் 15/26 என்ற விகிதத்திலும் இருப்பது இதே 26-தான். அதைக் காட்டி விடுப்புக்கும் 26-ஆல் வகுக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. ஆனால் பணிக்கொடைச் சட்டத்தின் வகு எண் பணிக்கொடைக்கு மட்டும்தான். விடுப்புத் தொகைக்கு உங்கள் நியமன ஆணையும் நிறுவனத்தின் விடுப்பு விதியும் என்ன சொல்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும்.

30-ஆல் வகுப்பது நியாயமா என்று கேட்டால், விடுப்பை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் அதற்குப் பதில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் ஈட்டிய விடுப்பில் போனால் இடையில் வரும் சனி, ஞாயிறும் விடுப்பாகவே கழியும். முப்பது நாள் விடுப்பு அவருக்கு ஒரு காலண்டர் மாதம். அங்கே 30-ஆல் வகுப்பது பொருந்துகிறது. தம்பியின் அலுவலகத்தில் வேலை நாளை மட்டுமே விடுப்பாக எண்ணுகிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை போய்வந்தால் ஐந்து நாள்தான் கழியும். அதாவது 22 நாள் விடுப்பு இருந்தால் அவர் ஒரு மாதம் முழுக்க வீட்டில் இருக்கலாம். அதே 22 நாளை விற்றால் 22 × 1,750, அதாவது 38,500 ரூபாய். ஒரு மாத அடிப்படைச் சம்பளமே 52,500. எண்ணும்போது வேலை நாள், வகுக்கும்போது காலண்டர் நாள் என்று வைத்ததால் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே குறைந்துவிடுகிறது.

அடிப்படையோடு அகவிலைப்படி வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விதியில் 'அடிப்படையும் அகவிலைப்படியும்' என்று இருந்து, செட்டில்மென்டில் அடிப்படையை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பே ஸ்லிப்பையும் விதித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

## வழி ஒன்று: இந்த வருடமே விற்பது

தம்பியின் முதல் யோசனை 20 நாளை விற்பது. 20 × 1,750 = 35,000 ரூபாய். மார்ச் சம்பளத்தோடு கைக்கு வரும். இந்தத் தொகைக்கு வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் கிடையாது. விடுப்பை விற்று வரும் பணம் அடிப்படை ஊதியம் ஆகாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் வரி உண்டு. பணியில் இருக்கும்போது விற்கிற விடுப்புக்கு வரிவிலக்கு எதுவும் இல்லை. முழுத் தொகையும் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்துவிடும்.

இப்போது அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 12,60,000. நிலைக் கழிவு 75,000 போனால் 11,85,000. புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் இன்று அவர் கட்டும் வரி பூஜ்யம். அந்தக் கோட்டுக்கும் அவருக்கும் நடுவே 15,000 ரூபாய் இடம்தான் இருக்கிறது.

35,000-ஐச் சேர்த்தால் வருமானம் 12,20,000 ஆகும். 12 லட்சத்தைக் கொஞ்சமாகத் தாண்டுபவருக்கு முழு வரியும் விழாமல் விளிம்புநிலை நிவாரணம் காப்பாற்றும். அதன்படி எவ்வளவு தாண்டினாரோ அவ்வளவுதான் வரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாண்டிய ஒவ்வொரு ரூபாயும் வரியாகப் போகிறது என்பதுதான் இதற்கு அர்த்தம். அவர் 20,000 தாண்டினார், வரி 20,000. அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரி 800. ஆக 20,800 போய்விட்டது. இருபது நாள் விடுப்பைக் கொடுத்துவிட்டுக் கையில் வாங்குவது 14,200 ரூபாய், நாளுக்கு 710.

இதே இடத்தில் நிறுவனம் 26-ஆல் வகுத்திருந்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தோம். தொகை 40,385 ஆகிறது. தாண்டுவது 25,385. கூடுதல் வரியோடு சுமார் 26,400 போகும். கையில் நிற்பது ஏறக்குறைய 14,000. நிறுவனம் 5,385 ரூபாய் அதிகம் கொடுத்தும் அவருக்கு இருநூறு ரூபாய் குறைகிறது! தம்பி கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

இந்தக் குழி எல்லாருக்கும் கிடையாது. கழிவுக்குப் பிறகு வருமானம் 12 லட்சத்துக்கும் சுமார் 12,70,000-க்கும் நடுவே விழுகிறவர்களுக்குத்தான். மாதம் 60,000 வாங்குபவர் விற்றால் அவருக்கு வரியே வராது. ஆண்டுக்கு 30 லட்சம் வாங்குபவருக்கு நூற்றுக்கு 31 ரூபாய் 20 காசு போகும், அவ்வளவுதான். நடுவில் இருப்பவர்தான் கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு விற்க வேண்டும். அதிலும் வங்கி வைப்புத்தொகை வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அந்த 12 லட்சம்.

விற்பது சரியாக வரும் இடங்களும் இருக்கின்றன. விற்ற பிறகும் வருமானம் 12 லட்சத்துக்குள் நிற்கும் என்றால் விற்கலாம். விற்காவிட்டால் காலாவதியாகும் நாட்கள் என்றால், வரி போனாலும் மிஞ்சுகிறவரை விற்கலாம். அதிக வட்டிக் கடனோ நகைக் கடனோ கழுத்தை நெரித்தால் அப்போதும் விற்கலாம்.

## வழி இரண்டு: சேர்த்து வைத்து, வேலையை விடும்போது வாங்குவது

இதற்கு இரண்டு பலம் உண்டு. முதலாவது, விலை வளரும். இன்று ஈட்டிய நாளுக்கு, வேலையை விடும் அன்றைய அடிப்படைச் சம்பளத்தில் காசு கிடைக்கும். தம்பியின் அடிப்படை வருடம் 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்தில் 77,140 ஆகும். அதே 20 நாளின் மதிப்பு சுமார் 51,400.

இரண்டாவது, வரிவிலக்கு. வேலையை விடும்போது வரும் விடுப்புத் தொகைக்கு வருமான வரிச் சட்டம் விலக்கு தருகிறது. ஓய்வுபெற்றால்தான் இது கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ராஜினாமா செய்தாலும் உண்டு. புதிய வரி முறையிலும் உண்டு. அரசு ஊழியருக்கு ஓய்வின்போது வரும் தொகை முழுவதற்கும் விலக்கு. தனியார் ஊழியருக்கு நான்கு தொகைகளில் எது குறைவோ அதற்கு: உண்மையில் கைக்கு வந்தது, கடைசி பத்து மாதச் சராசரியில் பத்து மாதச் சம்பளம், கணக்கில் மிச்சமிருக்கும் விடுப்பின் மதிப்பு, 25 லட்சம் ரூபாய். இந்த 25 லட்சம் முன்பு வெறும் 3 லட்சமாக இருந்தது. 2023-இல்தான் உயர்த்தினார்கள். இது வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரே வரம்பு. ஒரு நிறுவனத்தில் இருந்து விலகும்போது 2 லட்சத்துக்கு விலக்கு வாங்கியிருந்தால் அடுத்ததற்கு 23 லட்சம்தான் மிச்சம்.

முப்பது, நாற்பது நாள் வைத்திருக்கும் தனியார் ஊழியருக்கு இந்த நான்கில் மூன்றாவதுதான் குறுக்கே நிற்கும். அது கடைசி பத்து மாத அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியின் சராசரியில் கணக்கிடப்படுவது. ஆண்டுக்கு 30 நாளுக்கு மேல் விடுப்புத் தரும் நிறுவனமாக இருந்தாலும் வரிக் கணக்கில் 30 நாள்தான். நிறுவனம் மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டுத் தாராளமாகக் கொடுத்தால் கூடுதல் பகுதிக்கு வரி விழும். நான்கு மாதம் முன்பு ஊதிய உயர்வு வந்திருந்தால் சராசரி கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அந்தச் சிறு வித்தியாசத்துக்கும் வரி உண்டு.

சரி, இந்த வழியில் எங்கே இழப்பு? முதலில் உச்சவரம்பு. 30 நாள் நிரம்பிய பாத்திரத்தில் அடுத்த வருடத்தின் 20 நாளை ஊற்றினால் வழியத்தான் செய்யும். தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஆண்டுக்கு 12 நாள், சேர்த்து வைக்க 24 நாள் வரை என்று குறைந்தபட்சமாக இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவருக்கு 30 நாளைத் தாண்டியதைக் காசாக்கவோ எடுக்கவோ உரிமை தருகிறது. மேற்பார்வைப் பதவியில் நல்ல சம்பளம் வாங்கும் தம்பி போன்றவர்கள் அந்த வரையறைக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்கு நிறுவன விதிதான் எல்லாம்.

அடுத்தது, அந்த விதி மாறலாம். சேர்ந்து கிடக்கும் விடுப்பு, நிறுவனத்தின் புத்தகத்தில் ஊழியருக்குத் தர வேண்டிய கடனாக நிற்கும். சம்பளம் ஏற ஏற அந்தக் கடனும் ஏறும். அதனால்தான் 60 நாள் அனுமதித்த நிறுவனங்கள் திடீரென்று 30 நாளுக்கு இறக்குகின்றன. நிறுவனமே தள்ளாடினால் இந்தப் பணத்துக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடிக்காமல் கிளம்பினால் குறையும் நாட்களுக்கு இதிலிருந்தே கழித்துக்கொள்வதும் நடக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்றால் வரியே வராது என்ற நிலையில் இருப்பவருக்குச் சேர்த்து வைப்பதில் பெரிய லாபம் இல்லை. இன்று 35,000 வாங்கி 7 சதவீத வட்டியில் ஐந்து வருடம் போட்டால் சுமார் 49,000. அடிப்படை 8 சதவீதம் ஏறினால் விடுப்பின் மதிப்பு 51,400, 5 சதவீதம்தான் ஏறினால் 44,700. ஊதிய உயர்வு வட்டியை முந்தாத இடத்தில் விடுப்பைப் பூட்டி வைப்பதற்குக் காரணம் இல்லை. பல நிறுவனங்கள் உயர்வைப் படிகளில் கொடுத்துவிட்டு அடிப்படையை அப்படியே விட்டுவிடும். உங்கள் மூன்று வருடப் பே ஸ்லிப்பில் அடிப்படை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இதை முடிவு செய்ய முடியும்.

## வழி மூன்று: விடுப்பை எடுத்துவிடுவது

காசுக் கணக்கில் எல்லாரும் மறப்பது இதைத்தான். விடுப்பில் இருக்கும் நாளுக்கு முழுச் சம்பளம் வருகிறது. வீட்டு வாடகைப் படி, சிறப்புப் படி, நிறுவனம் கட்டும் வைப்பு நிதிப் பங்கு எதுவும் நிற்பதில்லை. தம்பியின் 1,05,000-ஐ மாதத்தின் 22 வேலை நாளால் வகுத்தால் ஒரு நாளுக்கு சுமார் 4,770 ரூபாய். விற்றால் 1,750. வரிக் குழியில் விழுந்தால் 710. எடுக்கும்போது முழுச் சம்பள விலை, விற்கும்போது அடிப்படையின் ஒரு துண்டு.

அடிப்படை மொத்தத்தில் பாதியாக இருக்கும் இடத்தில்தான் இந்த இடைவெளி இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து சம்பளத்தின் பெரும்பகுதியாக இருக்கும் அரசுப் பணியில் இடைவெளி குறைவு. அங்கே 'சரண்டர்' செய்வது பழக்கமாக வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எடுப்பதிலும் மறைந்திருக்கும் செலவு உண்டு. மார்ச்சில் எல்லாரும் ஒன்றாகக் கேட்டால் அனுமதி கிடைக்காது, நாள் காலாவதியாகும். விடுமுறை நாளுக்கு முன்னும் பின்னும் விடுப்பு எடுத்தால் நடு நாளையும் சேர்த்துக் கழிக்கும் 'சாண்ட்விச்' விதி இருந்தால் எடுக்கும் நாளின் விலை இறங்கிவிடும். நோட்டீஸ் காலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் பல இடங்களில் அப்போது விடுப்பே தருவதில்லை, தந்தாலும் அத்தனை நாள் நோட்டீஸைத் தள்ளி வைப்பார்கள்.

## மூன்றும் பக்கத்தில் பக்கத்தில்

| | இப்போது விற்றால் | சேர்த்து வைத்தால் | எடுத்தால் |
|---|---|---|---|
| நாளின் விலை (தம்பிக்கு) | 1,750, வரி போக 710 வரை இறங்கும் | ஐந்து வருடம் கழித்து சுமார் 2,570 | சுமார் 4,770 |
| வரி | முழுத் தொகைக்கும் உண்டு | விலக்கு வரம்பு வரை வரி இல்லை | வழக்கமான சம்பள வரிதான், கூடுதல் இல்லை |
| எப்போது கைக்கு | இந்த வருடமே | வேலையை விடும்போது | நாளாகவே கிடைக்கிறது |
| எங்கே கை நழுவும் | 12 லட்சக் கோட்டைத் தாண்டும்போது | உச்சவரம்பு, விதி மாற்றம், நோட்டீஸ் கழிவு | அனுமதி மறுப்பு, சாண்ட்விச் விதி |
| யாருக்கு ஏற்றது | வரி வராதவர், நாள் காலாவதியாகப் போகிறவர் | அடிப்படை வேகமாக ஏறுபவர், வரி அடுக்கில் மேலே இருப்பவர் | படிகள் அதிகம், அடிப்படை குறைவு என்று இருப்பவர் |

## தம்பி என்ன செய்தார்

மார்ச்சுக்குள் அவரால் விடுப்பு எடுக்க முடியாது, வாடிக்கையாளர் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. எனவே எட்டு நாள் காலாவதியாவதை எப்படியாவது தடுக்க வேண்டும். எட்டு நாளை மட்டும் விற்றால் 8 × 1,750 = 14,000. அவருக்கு இருந்த இடம் 15,000. "வட்டி வருமானம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சேமிப்புக் கணக்கில் நானூற்றுச் சொச்சம் என்றார். எல்லாம் சேர்த்தும் 11,99,500-ஐத் தாண்டவில்லை. ஒரு ரூபாய் வரி இல்லாமல் 14,000 கைக்கு வந்தது.

20 நாளை விற்றிருந்தால் வந்திருக்கும் 14,200-க்கும் இதற்கும் வித்தியாசம் 200 ரூபாய்தான். மிச்சப் பன்னிரண்டு நாளும் அவர் கணக்கிலேயே இருக்கின்றன.

மீதி 30 நாள் அப்படியே போயிற்று. ஆனால் பாத்திரம் இப்போது விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது. ஏப்ரல் முதல் சேரும் 20 நாளையும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த மார்ச்சில் இதே சங்கடம். அதனால் மே மாதம் பத்து நாள், பொங்கலை ஒட்டி ஆறு நாள் என்று இப்போதே விண்ணப்பித்து அனுமதி வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டார்.

வேலையை விடும் நாள் வந்தால் செட்டில்மென்ட் தாளில் மூன்று இடங்களைப் பார்க்கும்படியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: நாள் எண்ணிக்கை கடைசி மாதப் பே ஸ்லிப்பில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, எந்த மாத அடிப்படையை எடுத்து எத்தனையால் வகுத்திருக்கிறார்கள், நிறுவனம் தரும் சம்பள வரிச் சான்றில் விடுப்புத் தொகைக்கான விலக்கு வரிசையில் தொகை ஏறியிருக்கிறதா. மூன்றாவது இடம் அடிக்கடி காலியாகவே இருக்கும். முழுத் தொகைக்கும் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள். அப்படி இருந்தால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது சம்பளப் பகுதியில் அந்த விலக்கை நாமே காட்டிப் பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கலாம். அதற்காக விடுப்பு இருப்புச் சான்றையும் கடைசி பத்து மாதப் பே ஸ்லிப்புகளையும், அலுவலக மின்னஞ்சல் மூடப்படுவதற்கு முன்பே, சொந்தக் கணக்குக்கு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.